தயிர் குறிப்பாணை

முந்தாநாள் எங்க வீட்டு ஃப்ரிட்ஜில் நான் ஒட்டியது:

"பொருள்: தயிர் – உறை ஊற்ற எடுத்து வைத்தது – அனுமதியின்றி உண்ணப்பட்டது – விளக்கம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: வாய்மொழி எச்சரிக்கை, நாள்: போன செவ்வாய்.

பார்வையில் காணும் எச்சரிக்கைக்குப் பின்னரும் மேற்படி கிண்ணம் காலியாக இருந்தது கண்டறியப்பட்டுள்ளது. மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால், தங்கள் தரப்பில் கூற ஏதுமில்லை எனக் கருதி மேல்நடவடிக்கை தொடரப்படும்."

முதலில் 'தயிர்த் திருடனே' என்றுதான் ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தால் சிரிப்பே வரவில்லை. திட்டு வந்ததும் வேஷம் கலைந்துவிடுகிறது. ஆபீஸ் கடிதத்தில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாக 'செய்யப்படுகிறது'. தின்றது என் வீட்டுக்காரர் என்று தெரு வரைக்கும் தெரியும். அப்படியிருந்தும் தாளில் ஆளே இல்லாமல் 'உண்ணப்பட்டது' என்று நிற்கிறது பாருங்கள், சிரிப்பு அங்கேதான். விஷயம் ஒரு கரண்டி தயிர், நடை மட்டும் துறைரீதி விசாரணை. நடுவில் நாமே சிரித்துவிட்டால் போச்சு.

ஐந்தாவது படிக்கிற அண்ணன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அசல் குறிப்பாணையைப் பார்த்ததே இல்லையே! நான் இருபது வருஷமாக அதைத்தான் தட்டச்சு செய்கிறேன்.

நேற்று சாயங்காலம் கீழே பதில் ஒட்டியிருந்தது:

"மேற்படி தயிர் புளித்திருந்ததால் பொதுநலன் கருதி அப்புறப்படுத்தப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.
நகல்: மாமியார் அவர்களுக்கு, தகவலுக்காக."