ஆய்வேட்டு அட்டவணையில் நான் பிழைவிட்ட கணக்கு

கொழும்பு புறக்கோட்டைத் துணிக்கடைகளில் கடன் எப்படிக் கைமாறுகிறது என்பதுதான் என் முதுகலை ஆய்வேடு. 30 கடைக்காரர்களிடம் நேர்காணல் எடுக்கத் திட்டமிட்டேன். வேலைக்குப் போய்க்கொண்டே படித்ததால் வாரத்துக்கு 4 சந்திப்புகளுக்குத்தான் நேரம் இருந்தது. 30 பேருக்கு 8 வாரம் போதும் என்று அட்டவணையில் எழுதினேன்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்ததும் ஜனவரியில் இரண்டு வாரம் முன்னோடி நேர்காணல்கள் செய்து பார்த்தேன். 8 சந்திப்புகள் குறித்ததில் 4 மட்டுமே நடந்தன. ஒருவருக்குச் சரக்கு வந்திருந்தது, இன்னொருவர், "தங்கச்சி, முதலாளி வரட்டும்" என்றார். அதாவது வாரத்துக்கு 2 நேர்காணல்தான் கிடைக்கும். 30 பேருக்கு 15 வாரம் வேண்டும்.

செப்டெம்பர் இறுதியில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். எழுதவும், மேற்பார்வையாளர் முழு வரைவையும் படிக்கவும், திருத்தவும் ஆகும் காலத்தைப் பின்னோக்கிக் கழித்தால், தரவு சேகரிப்பு ஜூன் நடுவில் முடிய வேண்டும். பெப்ரவரி முதல் அதுவரை 19 வாரம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய 4 வாரங்களில் துணிக்கடைக்காரரிடம் உட்கார்ந்து பேச முடியாது. வெசாக் பண்டிகை வாரமும் போனால் மிச்சம் 14. தேவை 15! கையிருப்பு நாட்கள் என்று ஒன்றுமே இல்லை.

இந்தத் தாளோடு மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் உடனே கேட்டார்: "ஏன் 30?" என்னிடம் பதில் இல்லை. எண்ணிக்கையை 24 ஆக்கினோம். அதற்கு 12 வாரம். 2 வாரம் கையிருப்பு. அதை அட்டவணையின் கடைசியில் வைக்காமல் நேர்காணல்களோடு சேர்த்தே வைத்தோம். கடைசியில் வைத்த கையிருப்பை எழுதும் வேலை விழுங்கிவிடும் என்பது அவருடைய அனுபவம். புத்தாண்டு வாரங்களை ஒலிப்பதிவுகளைத் தட்டச்சு செய்ய ஒதுக்கினேன். ஒரு மணி நேரப் பதிவுக்கு எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்தித்தோம். ஒவ்வொரு முறையும் நான் கொண்டுபோனது ஒரு எண்: மீதி நேர்காணல்களை மீதி வாரங்களால் வகுத்தால் வருவது. அது 2ஐத் தாண்டினால் அன்றே ஏதாவது முடிவு எடுக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். "வேலை நடக்கிறது" என்று சொல்லித் தப்ப அது இடம் கொடுக்கவில்லை.

மார்ச் மாதத்தில் 7 வாரம் முடிந்தபோது 11 நேர்காணல்கள் ஆகியிருந்தன. மீதி 13க்கு 7 வாரம், எண் 1.9. புத்தாண்டு வாரங்கள் முடிந்ததும் காய்ச்சலில் 2 வாரம் படுத்தேன். மீதி 13க்கு 5 வாரம்தான், எண் 2.6 ஆனது. கையிருப்பு முழுவதும் போய்விட்டது.

மேற்பார்வையாளர் காலக்கெடுவை நீட்டவில்லை. இனி எடுக்கும் ஒவ்வொரு நேர்காணலிலும் முன்பு வராத விடயம் எது என்று தனியாகப் பட்டியலிடச் சொன்னார். 19, 20, 21ஆவது நேர்காணல்களில் அந்தப் பட்டியல் வெறுமையாக இருந்தது. 21இல் நிறுத்தினோம். ஏன் நிறுத்தினோம் என்பதை அந்தப் பட்டியலோடு ஆய்வுமுறை இயலில் எழுதினேன்.