ஒப்பந்தம் தானாக முடிந்தது, கணக்கு முடியவில்லை

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் மனிதவளப் பிரிவில் இருந்தேன். 2024 ஜனவரி 29, திங்கட்கிழமை. கணக்குப் பகுதியில் வேலை செய்த ஓர் அண்ணையைக் கூப்பிட்டு, புதன்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே மேலாளரிடம் கடிதம் கொடுப்போமா என்று கேட்டிருந்தேன். “முடியுற திகதி ஒப்பந்தத்திலேயே இருக்குத்தானே, பிறகென்ன கடிதம்?” என்றார்.

சட்டப்படி அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. தவணை ஒப்பந்தம் தன் திகதியில் முடிவது வேலைநீக்கம் அல்ல. ஆனால் அண்ணையின் ஒப்பந்தம் 2020இலும் 2022இலும் இரண்டு தரம் சத்தமில்லாமல் புதுப்பிக்கப்பட்டிருந்தது. மூன்றாந்தரமும் அப்படித்தான் நடக்கும் என்று அவர் நினைத்ததில் என்ன பிழை? அவர் கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “தங்கச்சி, போன கிழமைதான் வெள்ளவத்தை வீட்டுக்கு ஒரு வருச வாடகை முற்பணம் கட்டினனான்” என்றார். இரண்டு மாதம் முன்னரே சொல்லியிருந்தால் அந்தக் காசு அவர் கையில் இருந்திருக்கும்.

இப்படித் திரும்பத் திரும்பப் புதுப்பித்துவிட்டுத் திடீரென நிறுத்துவது நிறுவனத்துக்கும் ஆபத்து. விஷயம் தொழில் நியாய சபைக்குப் போனால், உண்மையில் இது நிரந்தர வேலைதானே, தவணை என்பது பெயருக்குத்தானே என்ற கேள்வி எழும். முடிவுத் திகதி தாண்டியும் ஆளை வேலை செய்யவிட்டால் இன்னும் மோசம்.

அன்று அவசரத்தில் நான் எழுதிய கடிதமும் சரியில்லை. ‘உங்கள் சேவை முடிவுறுத்தப்படுகிறது’ என்று எழுதிவிட்டேன். அப்படி எழுதினால் நாங்கள் நிறுத்தியதாகத்தான் பொருள்படும். ‘31.01.2024 அன்று உங்கள் ஒப்பந்தக் காலம் நிறைவடைகிறது, அது மேலும் புதுப்பிக்கப்படமாட்டாது’ என்பதே நடந்தது. நல்லவேளை, கையொப்பத்துக்குப் போகமுன் ஒரு மூத்த அக்கா பார்த்துத் திருத்தினார். வேலைத்திறன் பற்றி ஏதோ ஒரு வரி சேர்த்திருந்தேன், அதையும் வெட்டினார். காரணம் அதுவல்ல என்றால் அதை எழுதாதே என்றார்.

பெரிய பிழை அண்ணைக்குக் கொடுக்க வேண்டிய காசின் கணக்கில் இருந்தது. முதல் தாளில் ஜனவரிச் சம்பளமும் மிச்ச லீவுக் காசும் மட்டும்தான். கடைசி ஒப்பந்தம் இரண்டு வருடம், ஐந்து வருடம் ஆகவில்லை, ஆகவே பணிக்கொடை இல்லை என்று கணக்குப் பகுதி முடிவெடுத்திருந்தது. நான் அவருடைய கோப்பைத் திறந்து முதல் நியமனக் கடிதத்தைப் பார்த்தேன்: 2018 பெப்ரவரி 1. மூன்று ஒப்பந்தங்களுக்கும் இடையில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. அப்படியானால் தொடர்ந்து ஆறு வருட சேவை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் பூர்த்தியான மாதச் சம்பளக்காரருக்கு 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஒவ்வொரு பூர்த்தியான வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம்தான் அடிப்படை. அவருக்கு 72,000 ரூபா. பாதி 36,000, ஆறு வருடத்துக்கு 2,16,000 ரூபா. இதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகப் பணமும் சேரும்.

இதற்குப் பிறகு ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் எப்படி வந்தது என்று எழுதத் தொடங்கினேன். லீவுக் காசில் அது முக்கியம். 2023இல் உழைத்த 14 நாள் வருடாந்த லீவு 2024இல் எடுக்க வேண்டியது, அவர் மூன்று நாள் எடுத்துவிட்டார், மிச்சம் 11. ஒரு நாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்க மாதச் சம்பளத்தை எந்த எண்ணால் வகுத்தோம் என்பதையும் எழுதாவிட்டால் அடுத்த நாளே தொலைபேசி வரும்.

ஊழியர் சேமலாப நிதியான ஈபிஎஃப், ஊழியர் நம்பிக்கை நிதியான ஈடிஎஃப் இரண்டையும் கையில் கிடைக்கும் தொகைகளோடு கலக்காமல் கீழே தனியாகப் போட்டேன். அந்த ஜனவரிக்கு அவர் பங்கு 8 வீதம் 5,760, எங்கள் பங்கு 12 வீதம் 8,640, ஈடிஎஃப் 3 வீதம் 2,160 ரூபா. ஈபிஎஃப் பணம் வழக்கமாக ஆண்களுக்கு 55 வயதில்தான் கிடைக்கும். ஈடிஎஃப் பணத்தை வேலையை விட்டதும் கேட்கலாம். பலர் இரண்டும் ஒன்றென நினைத்து ஏமாறுகிறார்கள். அங்கத்துவ இலக்கத்தையும் அதே தாளில் எழுதிக் கொடுத்தேன்.

திருத்திய தாளை அண்ணை வாங்கி, பணிக்கொடை வரியில் விரலை வைத்து மூன்று தரம் வாசித்தார். “இதை முதல் தாளில ஏன் போடேல்லை?” என்று கேட்டார். ஆறு வருடத்தை இரண்டாக எண்ணிவிட்டோம் என்று உண்மையைச் சொன்னேன். சேவைச் சான்றிதழில் 2018இல் இருந்து என்று போடச் சொல்லிவிட்டு, ஈடிஎஃப் விண்ணப்பத்தில் எங்கள் முத்திரை எங்கே விழ வேண்டும் என்று கேட்டார்.