உள்ளங்கை வேர்வைக்கு கரண்ட் வெச்சுக்கிட்ட கதை

பத்தாவது படிக்கும்போதே எழுதுற கைக்கு அடியில கர்ச்சீப் மடிச்சு வெச்சுக்குவேன், இல்லன்னா பேப்பர் நனைஞ்சு இங்க் பரவிடும். வெயில் அடிக்குதா, ஏசி ஓடுதான்னு எல்லாம் அதுக்கு கணக்கே இல்ல, சும்மா உக்காந்திருந்தாலே உள்ளங்கைல முத்து முத்தா நிக்கும், ரெண்டு நிமிஷத்துல சேர்ந்து சொட்டும். வேலைக்குப் போனப்புறம் போன்ல கைரேகை வெச்சா திறக்காது, யாராவது கை நீட்டுனா பேன்ட்ல தேய்ச்சுட்டுதான் கொடுப்பேன். பயந்த சுபாவம், அதான் வேர்க்குதுன்னு வீட்ல சொல்லி சொல்லி நானும் அப்படியே நம்பிட்டேன். இருபத்தி ஒன்பது வயசு வரைக்கும் இதுக்கு டாக்டர் இருக்காங்கன்னே தோணல.

முதல்ல நானா பண்ணது ஸ்ட்ராங்கான ஆன்டிபெர்ஸ்பிரன்ட். இதையும் டியோவையும் ஒண்ணுன்னு நினைக்கிறவங்க நிறைய பேர் (நானும்தான்). டியோ வாசனையைத்தான் மறைக்கும், வேர்வையை நிறுத்தாது. வேர்வையை நிறுத்துறது அலுமினியம் உப்பு, அது வேர்வைக் குழாயோட வாய்ல போய் அடைப்பு மாதிரி உக்காந்துக்கும். நான் வாங்குனது 20 சதவீதம் அலுமினியம் குளோரைடு, உருட்டித் தேய்க்குற பாட்டில். காலைல குளிச்சுட்டு வந்த சூட்டோட ரெண்டு கையிலயும் அக்குள்லயும் தேய்ச்சேன் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல அக்குள் பத்திக்கிட்டு எரியுது. ஓடிப்போய் கழுவிட்டு பாட்டிலைத் தூக்கி ஷெல்ஃப் மேல வெச்சவன்தான், ஒரு வருஷம் தொடல.

அப்புறம் ஸ்கின் டாக்டர்கிட்ட போனப்ப இதைச் சொன்னேன், அவங்க சிரிச்சுட்டு "நீங்க பண்ணது எல்லாமே தலைகீழ்"ன்னாங்க. அலுமினியம் குளோரைடு தண்ணியோட சேர்ந்தா அமிலம் உண்டாகும், ஈரத் தோல்ல போட்டா அதான் எரியுது. ராத்திரி படுக்கப் போறப்பதான் போடணும், ஏன்னா தூக்கத்துல வேர்வை ரொம்பக் குறைவு, மருந்து அடிச்சுட்டுப் போகாம குழாய்க்குள்ள இறங்க நேரம் கிடைக்கும். போடுறதுக்கு முன்னாடி தோல் நல்லா காஞ்சிருக்கணும், டவல்ல துடைச்சா மட்டும் பத்தாது, ஹேர் டிரையரை சூடு இல்லாம வெச்சு ஒரு நிமிஷம் காட்டுன்னாங்க. அன்னைக்குத்தான் ஷேவ் பண்ணிருந்தா அந்த இடத்துல போடவே கூடாது. காலைல எழுந்ததும் கழுவிடணும். மூணு நாலு ராத்திரி தொடர்ந்து போட்டு, வேர்வை அடங்குனதும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைன்னு குறைச்சுக்கலாம்.

அப்படிப் பண்ணதுல ஒரே வாரத்துல அக்குள் சுத்தமா அடங்கிடுச்சு, நானே நம்பல. கை மட்டும் பாதிதான் குறைஞ்சது. உள்ளங்கைத் தோல் தடிமன், அங்க இந்த மருந்து அவ்வளவா எடுபடாதுன்னு அவங்க முன்னாடியே சொல்லிருந்தாங்க.

ஆனா மருந்துப் பேச்சே கடைசிலதான் வந்துச்சு, முதல் பத்து நிமிஷம் வெறும் கேள்விதான். எப்பருந்து? ரெண்டு கையிலயும் ஒரே மாதிரியா? வாரத்துல எத்தனை நாள்? வீட்ல வேற யாருக்காவது இருக்கா? தூங்கும்போது வேர்க்குதா? கடைசிக் கேள்விதான் முக்கியமானதாம். எனக்கு சின்ன வயசுலயே ஆரம்பிச்சது, ரெண்டு பக்கமும் சமமா இருக்கு, சித்தப்பாவுக்கும் இதே கதை, தூங்கும்போது கை காஞ்சே இருக்கும்னு அம்மா சொல்லிருக்காங்க. இதெல்லாம் ஒத்துப்போச்சுன்னா அது நரம்பு வேர்வைச் சுரப்பியைத் தேவைக்கு மேல தூண்டுற விஷயம்தான், உள்ள வேற நோய் தேட வேண்டியது பெருசா இல்லன்னாங்க.

இதுக்கு நேர் எதிர் கதை எங்க அத்தையோடது. நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் ஒண்ணும் இல்ல, திடீர்னு உடம்பு பூரா வேர்க்க ஆரம்பிச்சது, ராத்திரி நைட்டி மாத்துற அளவுக்கு. மாதவிடாய் நிக்கிற வயசு, அதான்னு எல்லாரும் விட்டுட்டாங்க (அந்த வயசுல அதுவும் நடக்குறதுதான்). ஆனா சாப்பாடு குறையாமயே உடம்பு இளைச்சுக்கிட்டு வந்துச்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சுது, டம்ளரைப் பிடிச்சா கை நடுங்குச்சு. ரத்தம் கொடுத்துப் பார்த்தா தைராய்டு தாறுமாறா ஏறிக் கிடக்கு. மாத்திரை போட்டு தைராய்டு அடங்குனதும் வேர்வையும் அடங்கிடுச்சு. அத்தை மட்டும் என்னை மாதிரி பாட்டில் வாங்கித் தேய்ச்சுட்டு இருந்திருந்தா என்ன ஆகிருக்கும்னு இப்பவும் தோணும். அதனால வயசான பிறகு புதுசா ஆரம்பிச்சா, உடம்பு முழுக்கன்னா, தூக்கத்துல படுக்கை நனையுதுன்னா, ஒரு பக்கம் மட்டும் வேர்க்குதுன்னா, கூடவே காய்ச்சலோ எடை குறையிறதோ இருந்தா, இல்ல புதுசா ஒரு மாத்திரை ஆரம்பிச்ச பிறகு வந்துச்சுன்னா (மனச்சோர்வுக்குக் கொடுக்குற சில மாத்திரைல இது சகஜம்) முதல்ல டாக்டர், அப்புறம்தான் பாட்டில். சுகர் மாத்திரையோ இன்சுலினோ போடுறவங்களுக்கு திடீர்னு வேர்த்துக் கொட்டி நடுங்குனா உடனே சுகர் பார்க்கணும், அது இறங்கிருக்கலாம். நெஞ்சு வலியோட குப்புன்னு வேர்த்தா யோசிக்கவே வேணாம், நேரா எமர்ஜென்சி.

சரி, என் கைக்கு வரேன். மருந்து பாதில நின்னதும் டாக்டர் அயன்டோஃபோரசிஸ்னாங்க. பேரைக் கேட்டு பயந்தேன், பார்த்தா ரெண்டு ட்ரே, ஒவ்வொண்ணுலயும் அடியில ஒரு உலோகத் தகடு, தகடு மேல துணி, அதுல குழாத் தண்ணி, ஒரு சின்ன மெஷின், அவ்வளவுதான். கைக்கொரு ட்ரேன்னு ரெண்டு கையையும் வெச்சா லேசான மின்சாரம் தண்ணி வழியா ஒரு கையில ஏறி இன்னொரு கை வழியா இறங்குது. இது ஏன் வேர்வையை நிறுத்துதுன்னு டாக்டர்களுக்கே இன்னும் முழுசா தெளிவில்லையாம், ஆனா 1950கள்ல இருந்தே பண்ணிட்டு இருக்காங்க.

உடம்புல பேஸ்மேக்கர் இருக்கா, கரண்ட் போற வழியில ராடு, தகடு ஏதாவது வெச்சிருக்கா, வலிப்பு உண்டா, பெண்கள்னா கர்ப்பமா, இதெல்லாம் கேட்டுட்டுதான் ஆரம்பிப்பாங்க. இதுல எதாவது ஒண்ணு இருந்தா வேணாம்னுடுவாங்க.

முதல் நாள் மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டச் சொன்னாங்க. நகம் பக்கத்துல சின்னக் கீறல் ஒண்ணு இருந்தது, அதுல வாஸ்லின் தடவிவிட்டாங்க, இல்லன்னா கரண்ட் அந்த இடத்துலயே குவிஞ்சு சுருக்குன்னு குத்தும். தண்ணி உள்ளங்கை முங்குற அளவுக்குத்தான், மணிக்கட்டு வரைக்கும் ஊத்துனா தண்ணி விளிம்புல, தோல் மெல்லிசா இருக்குற இடத்துல, எரியும். கரண்ட்டை மெதுவா ஏத்துனாங்க, கைக்கு பொதுவா 15ல இருந்து 20 மில்லி ஆம்பியர் வரைக்கும் போவாங்களாம், எனக்கு அன்னைக்கு 12 தான் தாங்குச்சு. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், வலின்னு சொல்ல முடியாது. இருபது நிமிஷம். நடுவுல மூக்கு அரிச்சுது, மறந்து கையை வெளிய எடுத்துட்டேன், சுள்ளுன்னு ஒரு ஷாக். ஆபத்து ஒண்ணும் இல்ல, ஆனா அதுக்கப்புறம் மூக்கு என்ன அரிச்சாலும் கை அசையல. எடுக்கணும்னா கரண்ட்டை ஜீரோவுக்கு இறக்கிட்டுத்தான் எடுக்கணும்.

வாரத்துக்கு மூணு நாள் போனேன். முதல் அஞ்சு தடவைல ஒரு மாற்றமும் இல்ல, விட்டுடலாம்னே இருந்தேன். ஏழாவது தடவைக்கு அடுத்த நாள் காலைல பேப்பர் புரட்டிட்டு இருக்கேன், ஏதோ வித்தியாசமா இருக்கேன்னு பார்த்தா வலது கை காஞ்சு கிடக்கு! இடது கை பழையபடி சொதசொத. டாக்டர்கிட்ட கேட்டா, பாசிட்டிவ் பக்கம் இருக்குற கைக்குத்தான் பலன் அதிகமாம், எனக்கு தினமும் வலது கையே அந்தப் பக்கம் இருந்திருக்கு, மாத்திவிட யாரும் கவனிக்கல. அடுத்த தடவைல இருந்து பாதி நேரம் ஆனதும் ஜீரோவுக்கு இறக்கி, பக்கத்தை மாத்தி, மறுபடி ஏத்துனாங்க. பதினொண்ணாவது தடவைக்குள்ள இடதும் வழிக்கு வந்துடுச்சு.

அப்புறம் டாக்டர் சொல்லித்தான் வீட்டுக்கே ஒரு மெஷின் வாங்குனேன். பேட்டரியும் தகடும் வெச்சு தானே செஞ்சுக்குறவங்களும் இருக்காங்க, ஆனா சார்ஜரு, அடாப்டர்னு சுவத்து பிளக்ல இருந்து எதையாவது இழுத்து இந்த வேலைல இறங்கிடாதீங்க, தண்ணி, கை, மெயின் கரண்ட் மூணும் சேர்ந்தா உயிர் போயிடும்.

வீட்ல முதல் நாளே மெஷின் ஓடல. எவ்வளவு திருகுனாலும் மீட்டர் 3, 4ஐத் தாண்டவே இல்ல, கையிலயும் ஒரு உணர்வும் இல்ல. மெஷின் ரிப்பேர்னு திருப்பி அனுப்ப பாக்ஸ்கூட எடுத்துட்டேன். கிளினிக்ல போன் பண்ணி கேட்டா அந்தம்மா கேட்ட முதல் கேள்வி, "ஃபில்டர் தண்ணியா?" ஆமா, ஆர்ஓ தண்ணி, நல்ல தண்ணியா இருக்கட்டுமேன்னு பிடிச்சு ஊத்திருக்கேன். அதுல உப்பே இருக்காது, அப்புறம் கரண்ட் எப்படி ஓடும்? குழாத் தண்ணிய ஊத்துனதும் சரியாயிடுச்சு. குழாத் தண்ணியே அப்படி இருந்தா கொஞ்சம் சமையல் சோடா கலக்கச் சொன்னாங்க.

இப்ப எட்டு பத்து நாளைக்கு ஒரு தடவை வெச்சுக்குறேன். இது தீர்ந்துபோற வைத்தியம் இல்ல. நடுவுல ஊருக்குப் போய் மூணு வாரம் விட்டதுல ஸ்டியரிங் மறுபடி வழுக்க ஆரம்பிச்சுது, வந்து மறுபடி வாரம் மூணுன்னு பிடிச்சேன். இன்னொரு பக்கம், ஆர்வக்கோளாறுல நாலு நாளைக்கு ஒரு தடவைன்னு வெச்சதுல விரல் நுனி வெடிச்சு ரத்தம் எட்டிப்பார்த்துச்சு, அப்ப கொஞ்ச நாள் நிறுத்தி மாய்ஸ்சரைசர்தான்.

இதுவும் கேக்கலன்னா மாத்திரை இருக்கு, வாய் வறண்டுபோகும், பார்வை மங்கலாகும், உடம்பே வேர்க்காததால வெயில்ல சூடு ஏறிடும்னு டாக்டர் எச்சரிச்சாங்க. உள்ளங்கைல போடாக்ஸ் ஊசி போடலாம், மாசக்கணக்குல தாங்கும், ஆனா நிறைய குத்து, நல்லா வலிக்கும், கொஞ்ச நாள் பிடிப்பு பலமும் குறையலாம். நெஞ்சுக்குள்ள நரம்பை வெட்டுற ஆபரேஷனும் இருக்கு, அதுல கை காஞ்சு போகும், ஆனா பல பேருக்கு அந்த வேர்வை முதுகு, வயிறுன்னு வேற இடத்துல கொட்ட ஆரம்பிக்குமாம், வெட்டுன பிறகு திரும்ப வர வழி இல்ல. ட்ரேல கை வெச்சு இருபது நிமிஷம் உக்காந்திருக்குறதுக்கு சோம்பேறித்தனம் வர்றப்ப இந்த முதுகு விஷயத்தைத்தான் நினைச்சுக்குவேன். அடுத்தது பாதம், அதே ட்ரேதான், கரண்ட் கொஞ்சம் கூட வெக்கணுமாம், அதை இன்னும் ஆரம்பிக்கல.