85,000 ரூபாய் வேறு கடையின் கணக்கில் ஏறினால்: திருத்துகிற ஒழுங்கு

தம்பி, சுன்னாகத்துக் கடைக்காரர் ஜூன் 14ஆம் திகதியே காசு போட்டுவிட்டதாகச் சொல்கிறார், எங்கள் கூற்றில் 85,000 ரூபாய் இன்னும் நிலுவையாக நிற்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர். காசு வந்துவிட்டது. ஆனால் சாவகச்சேரிக் கடையின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. இரண்டு கடைக்கும் ஒரே சாமியின் பெயர். குறியீடு சுன்னாகத்துக்கு C0118, சாவகச்சேரிக்கு C0181. வங்கிக் கூற்றில் கடையின் பெயரும் இல்லை, முதலாளியின் மனைவியின் பெயர்தான் இருக்கிறது. அவருடைய கணக்கிலிருந்து ஒன்லைனில் அனுப்பியிருக்கிறார்கள்.

இந்தப் பிழையை மாத முடிவில் செய்கிற எந்தச் சோதனையும் காட்டாது. வங்கியில் 85,000 வந்தது, புத்தகத்திலும் 85,000 வந்தது, ஆகவே வங்கி இணக்கக் கூற்று சரிவரும். இரண்டு பேருமே கடன்பட்டோர் என்பதால் கட்டுப்பாட்டுக் கணக்கு அசையாது, பரீட்சை மீதியும் பொருந்தும். அதனால்தான் ஜூன் மாதம் பிரச்சினை இல்லாமல் மூடப்பட்டது. இப்படிப்பட்ட பிழை வெளியே தெரிகிற இடங்கள் இரண்டுதான். ஒன்று, வாடிக்கையாளர் சண்டைக்கு வருவது. மற்றது, எந்தக் கடன் எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டும் ஏஜிங் பட்டியலில் ஒரு கடை காரணமில்லாமல் மைனசில் நிற்பது. கூடக் கட்டியவர் அநேகமாக வாயே திறக்கமாட்டார் என்பதால், மைனஸ் மீதிகளை மாதம் ஒருமுறை நீராகவே பாரும்.

முதலில் சான்று. தொலைபேசியில் ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒரு கடையின் காசை மற்றக் கடைக்கு மாற்றக் கூடாது. வங்கிக் கூற்றில் அந்த வரி உள்ள பக்கம், சுன்னாகத்துக்காரர் அனுப்பும் பரிமாற்றப் பதிவின் படம், எங்கள் பற்றுச்சீட்டின் பிரதி, இந்த மூன்றையும் எடும். படத்தில் உள்ள உசாத்துணை இலக்கம் வங்கிக் கூற்றில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாரும். தொகையும் திகதியும் மட்டும் ஒத்தால் போதாது. 85,000 போன்ற முழுத்தொகை ஒரே நாளில் இரண்டு பேரிடமிருந்து வருவது நடக்கக்கூடியதுதான். பிறகு சாவகச்சேரிக் கடையிடம், "ஜூன் 14 அளவில் எவ்வளவு கட்டினீர்கள்?" என்று கேளும். தொகையை நீர் முதலில் சொல்லிவிட்டால் "ஓம் ஓம்" என்றுதான் பதில் வரும்.

இவற்றை ஜேர்னல் வவுச்சரோடு இணைத்துக் கணக்காளரிடம் கையெழுத்து வாங்கும். காசு வாங்குகிறவரே இந்த மாற்றத்தை அங்கீகரிக்கக் கூடாது. ஒருவரின் காசைக் கையில் எடுத்துவிட்டு, அடுத்தவரின் காசால் அந்த ஓட்டையை மூடுகிற திருட்டுக்கும் பேரேட்டில் இதே தோற்றம்தான். கணக்காய்வாளர் இப்படி ஒரு பதிவைக் கண்டால் முதலில் அதைத்தான் நினைப்பார், நினைக்கவும் வேண்டும்.

அடுத்தது, பழைய பற்றுச்சீட்டு எவற்றோடு பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாரும். C0181இல் அந்த 85,000 இரண்டாகப் பிரிந்திருக்கிறது: 62,500 ரூபாய் மே மாத விலைப்பட்டியலை அடைத்துவிட்டது, மிச்சம் 22,500 ஜூலையில் போட்ட 40,000 ரூபாய் விலைப்பட்டியலில் கழிந்திருக்கிறது. இரண்டு பொருத்தலையும் கழற்றி, பற்றுச்சீட்டை முழு 85,000 ஆகத் திறந்து வையும். இதைச் செய்யாமல் ஜேர்னல் போட்டால், அடைபட்டதாகத் தெரிகிற மே விலைப்பட்டியல் அப்படியே மறைந்திருக்கும். அதற்குப் பதிலாகப் பெயரில்லாத ஒரு டெபிட் தொங்கும். அது என்ன என்று மூன்று மாதம் கழித்து ஒருவருக்கும் விளங்காது.

இனித் திருத்தும் வழி. பற்றுச்சீட்டை அழிக்காதேயும். ஜூன் வங்கி இணக்கம் முடிந்துவிட்டது. அழித்தால், சரிபார்த்த ஒரு வரி வங்கிப் பக்கத்திலிருந்து காணாமல் போய், ஜூலை இணக்கம் 85,000 வித்தியாசத்தோடு தொடங்கும். C0118க்குப் புதிதாக ஒரு பற்றுச்சீட்டும் போடாதேயும், வங்கியில் ஒரே காசு இரண்டு முறை வந்ததாகிவிடும். சிலர் ஒரு கடைக்கு விலைப்பட்டியலும் மற்றதுக்குச் செலவுத்தாளும் போட்டு மீதியைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். மீதி சரிவரும், ஆனால் இல்லாத விற்பனையும் அதற்கு வற் வரியும் புத்தகத்தில் புகுந்துவிடும். இங்கே நகர வேண்டியது கடன்பட்டோர் இரண்டு பேரின் மீதி மட்டும்தான்.

ஆகவே இந்த மாதத் திகதியில் ஒரு ஜேர்னல் போதும். மூடிய ஜூனைத் திறக்கத் தேவையில்லை:

டெபிட் C0181 சாவகச்சேரி 85,000
கிரெடிட் C0118 சுன்னாகம் 85,000

விளக்கத்தில் "பிழைதிருத்தம்" என்று மட்டும் எழுதி விடாதேயும். பழைய பற்றுச்சீட்டு இலக்கம், ஜூன் 14 என்ற திகதி, வங்கி உசாத்துணை இலக்கம், எந்தக் குறியீட்டிலிருந்து எதற்கு என்பது, எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்க வேண்டும்.

ஜேர்னல் போட்டதும் வேலை முடிந்தது என்று பலர் எழும்பிவிடுவார்கள். C0181இல் ஜேர்னலின் டெபிட்டைப் பழைய பற்றுச்சீட்டோடு பொருத்தும், இரண்டும் 85,000 என்பதால் ஒன்றையொன்று அடித்துவிடும். C0118இல் ஜேர்னலின் கிரெடிட்டை 85,000 ரூபாய் விலைப்பட்டியலோடு பொருத்தும். இதை விட்டால் மீதி சரியாகவும் ஏஜிங் பிழையாகவும் இருக்கும். சுன்னாகத்துக்காரருக்கு நினைவூட்டல் கடிதம் மறுபடியும் போகும், அவர் மறுபடியும் அழைப்பார்.

இப்போது சரிபாரும். திருத்துவதற்கு முன் சாவகச்சேரி 17,500, சுன்னாகம் 1,16,000, கூட்டினால் 1,33,500. திருத்திய பிறகு சாவகச்சேரி 62,500 உம் 40,000 உமாக 1,02,500, சுன்னாகம் ஜூலை விலைப்பட்டியல் 31,000 மட்டும். கூட்டுத்தொகை அதே 1,33,500 ஆக இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஜேர்னலின் ஒரு பக்கம் கடன்பட்டோருக்கு வெளியே எங்கேயோ போயிருக்கிறது.

இது வங்கிப் பரிமாற்றம் என்பதால் ஜேர்னல் பொருந்தியது. காசோலையாக இருந்து இன்னும் தேறாமல் இருந்தால் இந்த வழி ஆபத்து. காசோலை திரும்பினால், அதைப் பதிகிறவர் பழைய பற்றுச்சீட்டைத் தேடிப் பிடித்துத்தான் எதிர்ப்பதிவு செய்வார். அந்தப் பற்றுச்சீட்டு இருப்பது சாவகச்சேரியில். ஜேர்னலால் ஏற்கெனவே ஏறிய 85,000க்கு மேல் இன்னொரு 85,000 சாவகச்சேரிக்காரர் தலையில் ஏறும், காசோலை தந்த சுன்னாகத்துக்காரரோ கட்டி முடித்தவராகத் தெரிவார். அப்படியான நேரத்தில் பற்றுச்சீட்டையே முறையாக எதிர்ப்பதிவு செய்து, அதே வங்கிக் கணக்கில், அதே காசோலை இலக்கத்தோடு சரியான பெயரில் திரும்பப் பதியும். வங்கிப் பக்கத்தில் வந்ததும் போனதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

காசைக் கட்டியதற்கு 2% போன்ற கழிவு ஏதும் பற்றுச்சீட்டோடு போயிருந்தால் அதையும் தனியாக மாற்ற வேண்டும். இதில் கழிவு இல்லை.

கடைசியாகக் கடதாசி. சாவகச்சேரிக்கு அனுப்பிய பற்றுச்சீட்டைத் திரும்ப வாங்கி, புத்தகத்தில் உள்ள பிரதியோடு குத்தி, "இரத்து" என்று எழுதி வையும். சுன்னாகத்துக்குப் புது இலக்கத்தில் பற்றுச்சீட்டு வெட்டாமல், திருத்திய கணக்குக் கூற்றை ஒரு சிறு கடிதத்தோடு அனுப்பும். சுன்னாகத்தின் கடன் எல்லை நிரம்பியதால் சரக்கு நிறுத்தப்பட்டிருந்தால் விற்பனைப் பகுதிக்கும் இன்றே சொல்லும். சாவகச்சேரிக்காரர் தனக்கு 17,500 தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருப்பார். 1,02,500 என்ற கூற்று கையில் போகுமுன் அவரை அழைத்து, மே விலைப்பட்டியல் இன்னும் கட்டப்படவில்லை என்பதை விளங்கப்படுத்தும். எங்கள் பிழையால் அந்தக் கடன் அடைபட்டதாகத் தெரிந்தது என்பதால், கட்ட ஒரு வாரம் தவணை கேட்டால் கொடுக்கலாம், கணக்காளர் சம்மதித்துவிட்டார்.