“ஸ்பீடு கரெக்டா வருதே சார்”: பாக்கெட் லாஸை நிரூபிக்கப் பட்ட பாடு

மீட்டிங்கில் குரல் வெட்டி வெட்டி வருகிறது என்று இணைய நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தால், வருகிறவர் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுவார். 100 எம்பிபிஎஸ் வரும். புகார் மூடப்படும். எங்கள் வீட்டில் மூன்று முறை இப்படி மூடினார்கள்.

மீட்டிங் குரலுக்கு அந்த வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். ஆனால் குரலைச் சுமக்கும் சின்னத் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகள், விநாடிக்குச் சுமார் 50, சீரான இடைவெளியில் வந்து சேர வேண்டும். அந்த இடைவெளி ஆடுவது ஜிட்டர், வராமலே போவது லாஸ். ஸ்பீடு டெஸ்டில் தொலைந்த பாக்கெட் மறுபடி அனுப்பப்பட்டுவிடும், அதனால் குறை வெளியே தெரியாது. நேரலைக் குரலில் தாமதமாக வந்த பாக்கெட்டும் வராத பாக்கெட்டும் ஒன்றுதான்.

எது வரை பரவாயில்லை? ஜூம் சொல்வது ஜிட்டர் 40 மில்லி விநாடிக்குள், லாஸ் 2 சதவீதத்துக்குள். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் கொஞ்சம் கறார்: ஜிட்டர் 30, லாஸ் 1 சதவீதம், அதுவும் எந்த 15 விநாடியை எடுத்துப் பார்த்தாலும். இந்த “எந்த 15 விநாடி” என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் செய்த தப்பு, பாக்கெட் போகும் வழியில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரையும், அதாவது ஒவ்வொரு ஹாப்பையும், சோதிக்கும் mtr கட்டளையை ஓட்டி, மூன்றாவது ஹாப்பில் 40 சதவீத லாஸ் என்று படம் பிடித்து அனுப்பியது. “அது ரவுட்டர் பிங்குக்குப் பதில் தராம இருக்கிறது, லாஸ் இல்ல” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். நடு ஹாப்பில் தெரியும் லாஸ் அங்கிருந்து கடைசி ஹாப் வரை தொடர்ந்தால்தான் கணக்கு. ஒரு வாரம் வீணானது.

பிறகுதான் இரண்டு டெர்மினல் திறந்து, குரல் வெட்டும் அதே நேரத்தில், வீட்டு ரவுட்டருக்கும் வெளியே இருக்கும் கூகுள் சர்வருக்கும் ஒரே சமயத்தில் பிங் ஓட்டியது. லினக்ஸில்:

```
ping -D -O -i 0.2 -c 1500 192.168.1.1 | tee veedu.txt
ping -D -O -i 0.2 -c 1500 8.8.8.8 | tee veli.txt
```

ஐந்து நிமிடம் ஆகும். -O போட்டால் பதில் வராத ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் “no answer yet” என்று உடனே வரி விழும். -D நேரத்தைப் பதியும். வைஃபையில் ஓட்டியபோது வீட்டு ரவுட்டருக்கே 2, 3, 140, 3 மில்லி விநாடி என்று தாவியது, லாஸ் பூஜ்யம். வைஃபை தொலைத்ததைத் தானே மறுபடி அனுப்பி லாஸை ஜிட்டராக மாற்றிவிடும். இந்தக் கோளாறோடு புகார் கொடுத்தால் “உங்க வைஃபை சார்” என்று முடித்துவிடுவார்கள். லேன் கேபிள் போட்டுத் திரும்ப ஓட்டினால் வீட்டுப் பக்கம் 1 மில்லி விநாடிக்குள் அசையாமல் நின்றது. வெளிப் பக்கம் மட்டும் 1.2 சதவீத லாஸ்.

1.2 என்றால் ஜூம் கணக்கில் பாஸ். ஆனால் veli.txt கோப்பில் icmp_seq எண்களைப் பார்த்தால், தொலைந்த 18 பாக்கெட்டில் 14 ஒரே கொத்து: 812க்கு அடுத்து 827. விநாடிக்கு 5 பாக்கெட் என்பதால் அது கிட்டத்தட்ட 2.8 விநாடி மௌனம். அந்த 15 விநாடியில் போனவை 75 பாக்கெட், தொலைந்தவை 14, அதாவது 18 சதவீதத்துக்கு மேல். சிதறலாகப் போகும் பாக்கெட்டை ஆப் ஒட்டுப்போட்டுச் சமாளித்துவிடும். கொத்தாகப் போனால் ஒரு வாக்கியமே காணாமல் போகும்.

பிங் கடைசியில் காட்டும் mdev ஜிட்டர் அல்ல, போய்வரும் நேரத்தின் சிதறல். ஜிட்டர் எண்ணை ஜூமிலேயே Settings > Statistics > Audio பக்கத்தில் பார்க்கலாம். அனுப்புவதும் பெறுவதும் தனித்தனியாக இருக்கும். குரோமில் chrome://webrtc-internals திறந்தால் jitter விநாடிக் கணக்கில் வரும்: 0.012 என்றால் 12 மில்லி விநாடி. இதை 0.012 மில்லி என்று படித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

கேபிள் போட்ட நிலையில் எடுத்த இரண்டு கோப்பையும், 812–827 இடைவெளியின் நேரத்தையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் பவர் மீட்டரோடு ஆள் வந்தார். ஃபைபரில் வரும் ஒளி -27.6 டிபிஎம், வீட்டு ஃபைபர் கருவிக்கு -27தான் வழக்கமான விளிம்பு, அதற்குக் கீழே போனால் ஒளி போதாது. ஜன்னல் சட்டத்தில் ஃபைபர் மடங்கிக் கிடந்தது. வெட்டி ஒட்டியதும் -21. அன்று சாயங்காலம் அதே 1500 பாக்கெட், லாஸ் பூஜ்யம்.

வைஃபையின் 140 மட்டும் அப்படியே இருக்கிறது. மீட்டிங் மேசைக்குக் கேபிள் நிரந்தரமாகிவிட்டது.