விமான இரைச்சல் அடங்குகிறது, பக்கத்து சீட் பேச்சு ஏன் அடங்குவதில்லை?

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் இரைச்சலைத் தடுப்பதோடு நிற்பதில்லை, இன்னொரு சத்தத்தையும் போடுகிறது. மைக் பிடித்த இரைச்சலை உள்ளிருக்கும் சிப் தலைகீழாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். இரைச்சல் காற்றழுத்தத்தை ஏற்றும் அதே கணத்தில் ஸ்பீக்கர் அதே அளவு இறக்கும். காதருகே இரண்டும் கழிந்துபோகும்.

சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. எதிரலை 0.1 மில்லிவிநாடி பிந்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் உறுமலில் ஓர் அலை முடிய 10 மில்லிவிநாடி ஆகும். அதில் இந்தத் தாமதம் நூற்றில் ஒரு பங்குதான். அலையின் உயரத்தில் சுமார் 6 சதவீதம்தான் மிஞ்சும். பேச்சில் வரும் 2000 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு அரை மில்லிவிநாடிதான். அதே தாமதம் அங்கே ஐந்தில் ஒரு பங்கு! கணக்குப் போட்டால் 118 சதவீதம் வருகிறது, அதாவது சத்தம் கூடிவிடுகிறது. அதனால்தான் சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் சிப் ஒதுங்கிக்கொள்ள, காதைச் சுற்றியுள்ள மெத்தைதான் வேலை செய்கிறது. உறுமல் மாறாமல் ஓடுவதும் சிப்புக்கு வசதி, அடுத்த அலை எப்படியிருக்கும் என்பது முன்பே தெரியும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதன் காம்பு மெத்தையில் சிறு இடைவெளி விட்டாலே தாழ்ந்த உறுமல் அந்த வழியாக உள்ளே வரும், எதிரலையும் வலுவிழக்கும். இரு கப்புகளையும் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உறுமல் சட்டென்று குறைந்தால் கசிவு அங்கேதான்.