சமூக ஊடகத்துக்கு எத்தனை ஆர்டர்?

2022-இல் பட்டுப்புடவை விற்கும் ஒரு கடையின் ஆன்லைன் விளம்பரங்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் சுமார் 200 ஆர்டர். இன்ஸ்டாகிராமுக்கும் ஃபேஸ்புக்குக்கும் நல்ல தொகை செலவாகிக்கொண்டிருந்தது. ஆனால் தளத்துக்கு வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்கு வைக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் அவற்றுக்குக் காட்டிய ஆர்டர் 9 மட்டும். கடைசி கிளிக் எங்கிருந்து வந்ததோ அதற்கே முழு ஆர்டரையும் எழுதிவிடும் கணக்கு அது. கடைப்பெயரை கூகுளில் தேடி வந்தவர்கள்தான் பட்டியலில் முதலிடம்.

“சார், அந்தப் பெயரே அவங்களுக்கு எங்கிருந்து தெரிஞ்சது?” என்று கடை உரிமையாளரிடம் கேட்டேன். “அதை ரிப்போர்ட்ல காட்டுங்க தம்பி” என்றார். நியாயம்தான்.

அப்போதைய அனலிட்டிக்ஸில் Assisted Conversions என்று ஒரு ரிப்போர்ட் இருந்தது. வாங்கியவர் வந்த பாதையில், கடைசிப் படியாக இல்லாமல் அதற்கு முன் எங்காவது ஒரு சேனல், அதாவது இன்ஸ்டாகிராம், மின்னஞ்சல் போன்ற ஒரு வழி இருந்தால், அதற்கு ஓர் ‘அசிஸ்ட்’ எழுதும். திறந்து பார்த்தால் சமூக ஊடகத்துக்கு 47. அந்த ரிப்போர்ட் இயல்பாக 30 நாள் வரைதான் பின்னோக்கிப் பார்க்கும். கல்யாணப் புடவையை யாரும் ஒரே மாதத்தில் முடிவுசெய்வதில்லை. 90 நாளாக மாற்றியதும் 47 என்பது 71 ஆனது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஓடினேன். 9-ஐயும் 71-ஐயும் கூட்டி, 80 ஆர்டர் நம்முடையது என்று சொன்னேன்.

அது தப்பு. ஓர் ஆர்டரின் பாதையில் இன்ஸ்டாகிராம், மின்னஞ்சல், கூகுள் தேடல் மூன்றும் இருந்து, கடைசியில் வாடிக்கையாளர் நேரடியாக முகவரியைத் தட்டி வந்து வாங்கினால், மூன்றுக்குமே ஆளுக்கொரு அசிஸ்ட் விழும். எல்லா சேனலும் இப்படிக் கூட்டிச் சொன்னால் மொத்தம் 200-ஐத் தாண்டிப் போகும். தாண்டத்தான் செய்தது. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் விளம்பரப் பக்கமோ இன்னும் பெரிய எண் சொன்னது. கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கியவரோடு, விளம்பரம் கண்ணில் பட்டு ஒரு நாளுக்குள் வாங்கியவரையும் அது தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

பிறகு அந்த 71-ஐப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் விளம்பரம் இரண்டு வகை. கடையை அறியாதவர்களுக்குப் போவது ஒன்று. தளத்துக்கு வந்து புடவையைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களைத் துரத்தும் ரீடார்கெட்டிங் இன்னொன்று. இணைப்புகளில் பெயர் தனித்தனியாக இருந்ததால் பிரிக்க முடிந்தது:

```
utm_source=instagram&utm_medium=social&utm_campaign=new_audience
utm_source=instagram&utm_medium=social&utm_campaign=retargeting
```

71-இல் 52 ரீடார்கெட்டிங். அது எனக்கு உறுத்தியது. கூடை வரை வந்தவரில் பலர் எப்படியும் வாங்கியிருப்பார்கள். பாதையில் அந்த விளம்பரம் இருந்தது என்பதால், அதனால்தான் விற்றது என்று ஆகிவிடாது. மறுபக்கம், புதியவர்களுக்கான 19 குறைவாகத் தெரிவதற்கும் காரணம் இருந்தது. இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில் புடவையைப் பார்த்தவர், இரண்டு வாரம் கழித்து குரோமில் வந்து வாங்கினால், அனலிட்டிக்ஸுக்கு அவர் புது ஆள். முதல் படி பாதையிலிருந்தே அறுந்துபோகும். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பும், அந்த utm குறியீடு இல்லாவிட்டால், ‘நேரடி’ என்றுதான் விழும்.

சரி, நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவானது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் ஒரு குழு. மதுரை, திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர் இன்னொரு குழு. ஆடித் தள்ளுபடிக் காலத்தைத் தவிர்த்தோம். முதல் குழுவில் 4 வாரம் ரீடார்கெட்டிங்கை மட்டும் நிறுத்தினோம். முந்தைய 4 வாரத்தில் 61 ஆர்டர், இப்போது 58. இரண்டாம் குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு ஏற்ற இறக்கம்தான். 52 அசிஸ்ட் வாங்கிய விளம்பரம் அது!

அடுத்து ரீடார்கெட்டிங்கைத் திரும்ப ஓட்டிவிட்டு, அதே குழுவில் புதியவர்களுக்கான விளம்பரத்தை நிறுத்தினோம். முதல் இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. உரிமையாளர் நிம்மதியானார், எனக்கோ தூக்கம் போனது. மூன்றாவது வாரம் கடைப்பெயரைத் தேடுவோர் அந்த நான்கு மாவட்டங்களில் குறையத் தொடங்கினார்கள். அப்புறம்தான் ஆர்டர். ஐந்தாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை 43. இரண்டாம் குழுவில் அப்படி ஒரு சரிவு இல்லை. இரண்டு வாரத்தோடு சோதனையை முடித்திருந்தால் நேர்மாறான முடிவுக்குப் போயிருப்போம்.

எண்கள் சிறியவை என்பதை உரிமையாளரிடம் மறைக்கவில்லை. சமூக ஊடகத்தால் வந்தவை இத்தனை ஆர்டர் என்று துல்லியமாகச் சொல்ல அவை போதாது. எந்தப் பக்கம் பணத்தை நகர்த்தலாம் என்று சொல்லப் போதும். ரீடார்கெட்டிங்கில் பாதியை எடுத்துப் புதியவர்கள் பக்கம் போட்டோம்.

அந்தப் பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் நின்றது. அதன் இடத்துக்கு வந்த GA4-இல், பாதையின் தொடக்கம், நடு, இறுதி என்று பிரித்துக் காட்டும் Attribution paths பக்கத்தைத்தான் திறக்கிறேன். அதில் முதலில் பார்ப்பது தொடக்கப் பகுதியை. அங்கேயும் ரீடார்கெட்டிங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு.